ஞாயிறு சமையல், ஐந்து மதிய டப்பா, ஒரே மேக்ரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சமையலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து மதிய டப்பா. பொன்னி புழுங்கலரிசிச் சோறு, எலும்பில்லாத கோழி மிளகு மசாலா, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், பீன்ஸ் கேரட் பொரியல். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பிலிருந்து இறங்கும். மேக்ரோ என்று நான் சொல்வது ஒரு டப்பாவில் உள்ள புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றின் அளவை.

ஒரே அளவு டப்பா ஐந்து வாங்கிட்டேன். எல்லாத்தையும் ஒரே மாதிரி நிரப்பினா மேக்ரோவும் ஒண்ணாத்தானே இருக்கும்?

இருக்காது. டப்பா இடத்தை அளக்கிறது. புரதமும் மாவுச்சத்தும் எடையில் இருக்கின்றன. சோற்றைக் கரண்டியால் கொஞ்சம் அழுத்தி வைத்தால் அதே இடத்தில் 40 கிராம் கூடுதலாக அடங்கிவிடும். நம் கணக்கில் 40 கிராம் சோறு என்றால் 11 கிராம் மாவுச்சத்து. கோழித் துண்டு இரண்டு கூடக் குறைய விழுந்து 30 கிராம் மாறினால் ஏறத்தாழ 9 கிராம் புரதம் இடம் மாறுகிறது. கண்ணுக்கு ஐந்து டப்பாவும் ஒன்றுபோலவே தெரியும்.

நிரப்பிய டப்பாவை மொத்தமாக எடை பார்ப்பதும் போதாது. 600 கிராம் டப்பா இரண்டு இருக்கலாம். ஒன்றில் சோறு அதிகம், இன்னொன்றில் பொரியல் அதிகம். சோறு தனி, கோழி தனி, சுண்டல் தனி, பொரியல் தனி என்று ஒவ்வொன்றாகத் தராசில் பார்த்துப் போட வேண்டும். ஒரே அளவு டப்பாவால் வேறு ஒரு நன்மை உண்டு: தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கும் TARE பொத்தானை அழுத்தும்போது ஐந்தும் ஒரே எடை என்பதால் தவறு நடந்தால் உடனே தெரியும்.

பச்சையா எடை போடணுமா, சமைச்ச பிறகா?

இரண்டு தடவையும். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. மேக்ரோ கணக்கு பச்சை எடையில். பங்கு பிரிப்பது சமைத்த எடையில். இந்த இரண்டையும் கலக்காமல் இருந்தால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் வராது.

காரணம் தண்ணீர். 400 கிராம் அரிசி ஒரு வாரம் 1,000 கிராம் சோறாகும், தண்ணீர் கூட வைத்துக் குழைய விட்டால் 1,400 கிராம்கூட ஆகும். அதில் உள்ள மாவுச்சத்து இரண்டு வாரமும் ஒன்றுதான், சுமார் 309 கிராம். கலோரி கணக்குப் போடும் ஆப்பில் 'வெந்த சோறு' என்று தேடினால் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து என்பதுபோல ஒரு எண் வரும். அது யாரோ ஒருவர் வீட்டுச் சோறு. உங்கள் சோறு குழைந்து 1,400 கிராம் ஆகியிருந்தால் 100 கிராமில் 22 கிராம்தான் இருக்கும். கோழி இதற்கு நேர் எதிர்: வெந்தால் நீர் விட்டு கால்வாசி எடை குறையும்.

அதனால் வெந்த பொருளுக்கு ஆப்பில் எண் தேடவே வேண்டாம். அரிசியைக் கழுவுவதற்கு முன், கடலையை ஊற வைப்பதற்கு முன், கோழியைச் சுத்தம் செய்து நீர் வடித்த பிறகு எடை எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெய் பாட்டிலை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்தால் போன எண்ணெய் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வெந்த பிறகு மொத்த எடையைப் பார்த்து ஐந்தால் வகுத்துப் போடுங்கள். சோறு குழைந்தாலும் உதிரியாக வந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு ஐந்தில் ஒரு பங்குதான்.

கஞ்சி வடிக்கும் வீடுகளில் ஒரு சிறு திருத்தம். வடிகஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடுவதால் பச்சை எடைக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஐந்து டப்பாவும் சமமாக இருப்பதை அது பாதிக்காது. மொத்த எண்ணும் முக்கியம் என்றால், அளந்த தண்ணீர் வைத்துக் குக்கரில் வைப்பது நல்லது.

முழுக் கணக்கையும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்.

சரி. பச்சை எடை: அரிசி 400 கிராம், தோல் நீக்கிய எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி 750, கறுப்புக் கொண்டைக்கடலை 200, வெங்காயம் 300, தக்காளி 200, பீன்ஸ் 400, கேரட் 200, நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 கிராம். மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐந்தாகப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது.

புரதத்தில் கோழி 165 கிராம், கடலை 37, அரிசி 31, காய்கள் எல்லாம் சேர்ந்து 18, கூட்டினால் 251. மாவுச்சத்தில் அரிசி 309, கடலை 79, காய்கள் 56, கூட்டினால் 444. கொழுப்பில் எண்ணெய் 50, கோழி 22, கடலை 10, மற்றவை 4, கூட்டினால் 86. ஐந்தால் வகுத்தால் ஒரு டப்பாவுக்குப் புரதம் 50, மாவுச்சத்து 89, கொழுப்பு 17 கிராம். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று பெருக்கினால் சுமார் 710 கலோரி.

இனி அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு. சோறு 1,120 கிராம் வந்தால் ஒரு டப்பாவுக்கு 224. கோழித் துண்டுகளை மட்டும் எடுத்து நிறுத்தால் 560, அதாவது 112 வீதம். வாணலியில் மிஞ்சும் மசாலா 400, அதாவது 80 வீதம். சுண்டல் 430, 86 வீதம். பொரியல் 500, 100 வீதம். கூட்டினால் டப்பாவில் 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 750 மில்லி டப்பா இதற்கு நெருக்கமாக இருக்கும். 900 மில்லியிலிருந்து 1 லிட்டருக்குள் வாங்கினால் மூடி அழுந்தாது.

உங்கள் வீட்டில் வெந்த எடைகள் வேறாக வரும். வரட்டும். பச்சை எடை இதேதான் என்றால் 50, 89, 17 மாறாது.

ஆப்பில் ஒரே கொண்டைக்கடலைக்கு ரெண்டு விதமா மாவுச்சத்து காட்டுது. எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரிதான். நார்ச்சத்தைக் கணக்கில் சேர்க்கும் முறைதான் வேறு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் கொண்டைக்கடலைக்கு 100 கிராமில் மாவுச்சத்து 39.56 கிராம், நார்ச்சத்து 25 கிராமுக்கு மேல் என்று தனித்தனியாக இருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் நார்ச்சத்தையும் உள்ளே சேர்த்து மாவுச்சத்து 63 கிராம் போலக் காட்டுவார்கள்.

நம் 200 கிராம் கடலைக்கு முதல் முறையில் 79, இரண்டாவது முறையில் 126. டப்பாவுக்கு 9 கிராம் வித்தியாசம். ஒரு வாரம் ஒரு முறை, அடுத்த வாரம் இன்னொன்று என்று மாற்றினால் நீங்கள் சாப்பிட்டதில் எந்த மாற்றமும் இல்லாமல் எண் மட்டும் ஏறி இறங்கும். ஒரே அட்டவணையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் அரிசிக்கும் பருப்புக்கும் நான் இந்திய அட்டவணையைத்தான் எடுக்கிறேன். மேலே போட்ட கணக்கில் அரிசியும் கடலையும் காய்களும் அதிலிருந்து வந்தவை.

ஆப்பில் யார் வேண்டுமானாலும் எண் சேர்க்கலாம் என்பதால் இன்னொரு சோதனையும் தேவை. புரதத்தையும் மாவுச்சத்தையும் 4-ஆல், கொழுப்பை 9-ஆல் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். அங்கே காட்டும் கலோரிக்கு அருகில் வர வேண்டும். நார்ச்சத்து அதிகம் உள்ள பருப்புகளில் கொஞ்சம் தள்ளி வரும். எண்ணெய், கோழி, அரிசியில் பெரிதாகத் தள்ளி வந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு வேறு ஒன்றை எடுங்கள்.

வாணலியோட எடையை எப்படிக் கழிக்கிறது?

சமைக்கும் முன் வெறும் வாணலி, குக்கர் பாத்திரம், பொரியல் சட்டி ஆகியவற்றை நிறுத்து, எடையை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒரு தடவை செய்தால் போதும். சமைத்த பிறகு முழு எடையிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே இருப்பது எவ்வளவு என்று வந்துவிடும்.

சூடான பாத்திரத்தை நேராகத் தராசின் மேல் வைக்காதீர்கள். ஒரு மரப்பலகையை வைத்து, TARE அழுத்திவிட்டுப் பாத்திரத்தை வையுங்கள். வீட்டுத் தராசு பல 5 கிலோ வரைதான் தாங்கும். கனமான இரும்பு வாணலியில் குழம்பு நிறைந்திருந்தால் அதைத் தாண்டிவிடலாம். அப்போது குழம்பை ஓர் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி நிறுங்கள்.

மசாலாவில எண்ணெய் மேல மிதக்குது. ஒவ்வொரு டப்பாவுக்கும் அது சமமா போகுமா?

கவனிக்காவிட்டால் போகாது. மசாலா சுருண்டு எண்ணெய் பிரிந்த பிறகு முதலில் மேலாக அள்ளிய டப்பாவுக்கு எண்ணெய் அதிகம் போகும், கடைசி டப்பாவுக்கு வெங்காயம் அதிகம் போகும். எடை இரண்டிலும் 80 கிராம்தான் காட்டும். 10 கிராம் எண்ணெய் இடம் மாறினால் 90 கலோரி. இந்தச் சமையலில் கலோரியை அதிகம் புரட்டக்கூடிய இடம் இதுதான், தராசும் இதைக் காட்டிக்கொடுக்காது.

முதலில் கோழித் துண்டுகளை இடுக்கியால் எடுத்துத் தனித் தட்டில் வைத்துப் பிரித்துவிடுங்கள். வாணலியில் இருக்கும் மசாலாவில் கால் டம்ளர் வெந்நீர் விட்டு, அடியிலிருந்து நன்றாகக் கிளறி, எண்ணெயும் மசாலாவும் சேர்ந்து வந்ததும் மொத்த எடையை மறுபடி பார்த்து ஐந்தால் வகுத்துக்கொண்டு அள்ளத் தொடங்குங்கள். ஒரு டப்பாவை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கரண்டி, கிளறிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒரு கரண்டி என்று சுற்றி வர வேண்டும். கடைசிச் சுற்றில்தான் தராசைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். ஆற விடாமல் சூட்டோடு செய்தால் இது எளிது. ஆறிய எண்ணெய் மறுபடி பிரிந்து நிற்கும்.

சாம்பாருக்கும் இதே முறைதான். அதில் எண்ணெய்க்குப் பதில் பருப்பு பிரச்சினை: அது அடியில் தங்கும். மேலாக ஊற்றிய டப்பாவில் புளித்தண்ணீரும் இரண்டு முருங்கைக்காயும்தான் இருக்கும். வாரச் சமையலுக்குச் சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியாக வைத்தால் பிரிப்பதும் எளிது, டப்பாவில் சிந்தவும் சிந்தாது.

எலும்போட கோழி வாங்கினா கணக்கு போட முடியாதா?

போடலாம், ஆனால் சமமாகப் பிரிப்பது கடினம். ஒரு டப்பாவில் கழுத்தும் விலாவும், இன்னொன்றில் தொடைச் சதை என்று விழும். எலும்புக்கறிதான் ருசி என்பவர்களுக்கு என் யோசனை: ஒரே அளவில் ஐந்து முழுக் கால் வாங்கி டப்பாவுக்கு ஒன்று வையுங்கள். எலும்பின் பங்கு ஐந்திலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். பல உறுப்புகள் கலந்து வெட்டிய கறி இந்தச் சமையலுக்கு ஏற்றதல்ல.

எவ்வளவு வித்தியாசம் வந்தா பரவாயில்ல?

கோழியில் 5 கிராம், சோற்றில் 10 கிராம் வரை விட்டுவிடலாம். அது புரதத்தில் ஒன்றரை கிராம், மாவுச்சத்தில் மூன்று கிராமுக்குள் அடங்கும். அட்டவணை எண்களே சராசரிகள்தான். நீங்கள் வாங்கிய கோழியும் ஆய்வகத்தில் அளந்த கோழியும் ஒன்றல்ல. பொரியலில் 20 கிராம் மாறினாலும் கவலையில்லை. எண்ணெயும் மசாலாவும்தான் கறாராகப் பார்க்க வேண்டியவை.

வாணலியில் ஒட்டிக்கொண்டது, கரண்டியில் தங்கியது எல்லாம் ஐந்து டப்பாவிலிருந்தும் சமமாகக் குறைவது, அதனால் சமநிலை கெடாது. ஆனால் ருசி பார்க்கிறேன் என்று இரண்டு துண்டு கோழியை வாயில் போட்டுக்கொண்டால் அதைப் பிரிப்பதற்கு முன் செய்யுங்கள், பிரித்த பிறகு ஒரு டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள்.

ஞாயிறு சமைச்சது வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃப்ரிட்ஜில தாங்குமா?

தாங்கும் என்று நம்பி வைக்காதீர்கள். சமைத்த கோழிக்கும் சோற்றுக்கும் 4 டிகிரிக் குளிரில் மூன்று நான்கு நாள்தான் பொதுவான வரம்பு. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் பல தடவை திறந்து மூடப்படுகிறது, வெயில் காலத்தில் உள்ளே 4 டிகிரி நிலையாக இருப்பதில்லை. திங்கள், செவ்வாய், புதன் டப்பாக்கள் ஃப்ரிட்ஜில், கதவில் இல்லாமல் உள் தட்டில். வியாழன், வெள்ளி டப்பாக்கள் ஆறியதும் ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசருக்குள். புதன்கிழமை வரை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அப்புறம் ஃப்ரீசருக்கு மாற்றுவதில் பயனில்லை. உறைய வைத்தால் கெடுவது நிற்குமே தவிர, அதுவரை நடந்தது திரும்பாது.

வியாழன் டப்பாவைப் புதன்கிழமை காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து கீழே ஃப்ரிட்ஜுக்கு இறக்குங்கள். 600 கிராம் உணவு ஒரே இரவில் நடுவரை இளகாமல் போகலாம். சமையல் மேடையில் வெளியே வைத்து இளக விடக் கூடாது.

சூடாவே மூடி உள்ள வச்சிடலாமா?

வேண்டாம். மூடியில் ஆவி தண்ணீராகி சோற்றில் சொட்டும், நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும், பக்கத்தில் இருக்கும் பாலையும் தயிரையும் சூடாக்கும். ஆனால் 'ஆறட்டும்' என்று மதியத்திலிருந்து இரவு வரை மேடையில் விடுவது அதைவிடத் தவறு. சமைத்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் குளிருக்குள் போயிருக்க வேண்டும்.

இதில் சோறுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தி வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாசனையிலும் தெரியாது. ஊசிப்போன சோறு நூல் விடும், கொழகொழப்பாகும், அப்போது கொட்டிவிடுவோம்; ஆனால் நூல் விடாத சோறு பாதுகாப்பானது என்று அதற்கு அர்த்தமில்லை.

அதனால் வேலை வரிசையை இப்படி வைத்துக்கொள்வது நல்லது: சனிக்கிழமை இரவு கடலை ஊறட்டும். ஞாயிறு முதலில் கடலைக்குக் குக்கர், பக்கத்து அடுப்பில் கோழி. அது முடிந்ததும் பொரியல். சோறு கடைசியில். வெந்ததும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழ் வைத்தால் கால் மணி, அரை மணியில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கோழியையும் சுண்டலையும் பிரித்துவிடலாம். அகலமான, ஆழம் குறைந்த டப்பா வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆபீஸில ஃப்ரிட்ஜ் இல்ல. காலை எட்டுக்குக் கிளம்பினா சாப்பிட ஒரு மணி ஆகும்.

ஒன்று முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், அல்லது முழுக்கச் சூடாக இருக்க வேண்டும். காலையில் லேசாகச் சூடாக்கி மூடி எடுத்துப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஐந்து மணி நேரமும் உணவு கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பில் இருக்கும்.

அலுவலகத்தில் மைக்ரோவேவ் இருந்தால் டப்பாவைக் குளிராகவே, உறைந்த ஐஸ் பேக்கோடு சூடு தடுக்கும் பையில் எடுத்துப் போங்கள். வியாழன், வெள்ளி டப்பாக்களை உறைந்த நிலையிலேயே அந்தப் பையில் வைத்தாலும் சரிதான். மைக்ரோவேவ் இல்லையென்றால், காலையில் ஆவி பறக்க, நடுவிலும் கொதிக்கும்படி சூடாக்கி, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய ஃப்ளாஸ்க் வகை டிபன் கேரியரில் மாற்றுங்கள். மதியம் திறக்கும்போது கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும், அதாவது 60 டிகிரிக்கு மேல். இல்லையென்றால் அந்தக் கேரியர் இந்த வேலைக்குப் போதாது.

மைக்ரோவேவில் வைக்கும்போது சோற்றில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடியை லேசாகத் திறந்து, பாதியில் ஒரு தடவை கிளறுங்கள். ஓரம் கொதித்தாலும் நடு சில்லென்றே இருக்கும். பிளாஸ்டிக் டப்பா என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணும் மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை உறைய வைக்கக் கூடாது?

உருளைக்கிழங்கு மணல் மணலாகிவிடும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். தயிர் சேர்த்தது திரியும், தேங்காய் அரைத்த குழம்பு தண்ணீர் வேறு சக்கை வேறாகப் பிரியும். சோறு, கோழி மசாலா, சுண்டல் மூன்றும் நன்றாகவே தாங்கும். பீன்ஸ் கேரட் பொரியல் கொஞ்சம் நீர் விட்டு மென்மையாகும். அரைவேக்காட்டில் இறக்கினால் சமாளிக்கலாம்.

சுண்டலுக்கும் பொரியலுக்கும் தேங்காய்த் துருவல் வேண்டும் என்றால் ஞாயிறு போடாதீர்கள். முதலில் ஊசுவது அதுதான். காலையில் 10 கிராம் துருவித் தூவுங்கள், கொழுப்பில் 4 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்க சைவம். கோழிக்குப் பதிலா என்ன போட்டா இதே எண் வரும்?

பனீரை மட்டும் வைத்தால் வராது. கோழி தரும் 165 கிராம் புரதத்துக்கு 900 கிராம் பனீர் வேண்டும், அதோடு 180 கிராம் கொழுப்பும் வந்துவிடும். சோயா சங்க்ஸ் மட்டும் என்றால் காய்ந்த எடையில் 320 கிராம் போதும், ஆனால் அதில் 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை.

இரண்டையும் கலந்தால் வழி இருக்கிறது. சோயா 220 கிராம், பனீர் 250 கிராம், அரிசியை 400-லிருந்து 300 ஆக்குங்கள், எண்ணெயை 50-லிருந்து 20 ஆக்குங்கள். சோயாவின் மாவுச்சத்து குறைத்த அரிசிக்கு ஈடாகும், பனீரின் கொழுப்பு குறைத்த எண்ணெய்க்கும் கோழிக்கும் ஈடாகும். டப்பாவுக்குப் புரதம் 47, மாவுச்சத்து 89, கொழுப்பு 17 வரும். சோயா, பனீர் பாக்கெட்டில் போட்டிருக்கும் எண் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும், பனீரின் கொழுப்பு முக்கியமாக மாறும். நான் எடுத்தது 100 கிராமில் 18 புரதம், 20 கொழுப்பு.

பிரிக்கும்போது சோயாவை நன்றாகப் பிழிந்துவிட்டு மசாலாவில் போடுங்கள். பிழியாத சோயா தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒரு டப்பாவில் புரதமும் இன்னொன்றில் தண்ணீருமாக எடை நிரம்பும். பனீர்த் துண்டுகளைக் கோழி போலவே தனியாக எடுத்து நிறுங்கள். சோயா உறைந்து இளகினாலும் மாறாது. பனீர் கொஞ்சம் நொறுங்கும், அவ்வளவுதான்.

வீட்டில ரெண்டு பேருக்கு வேற வேற அளவு. தனித்தனியா சமைக்கணுமா?

வேண்டாம். கோழி, சுண்டல், பொரியல் மூன்றையும் பத்துச் சம பங்காகப் போட்டுவிட்டு, சோற்றில் மட்டும் மாற்றுங்கள். மேலே சொன்ன சோற்றில் 36 கிராம் என்றால் 10 கிராம் மாவுச்சத்து. உங்களுக்கு 89 தேவை, வீட்டில் இன்னொருவருக்கு 69 போதும் என்றால் அவர் டப்பாவில் 72 கிராம் சோறு குறைவாக வையுங்கள். இந்த 36 என்ற எண் அந்த வாரச் சோற்றுக்கு மட்டும்தான். வெந்த மொத்த எடையை அரிசியின் மொத்த மாவுச்சத்தால் வகுத்து 10-ஆல் பெருக்கினால் அடுத்த வாரத்துக்கான எண் வரும். மூடியில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், காலை அவசரத்தில் மாறிவிடும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவரோ, சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ வீட்டில் இருந்தால் சோற்றின் அளவையும் 50 கிராம் புரதத்தையும் அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நடுவில கரண்ட் போயிட்டா?

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை, பாதி நிறைந்தது ஒரு நாள் வரை தாங்கும். நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று தெரிய, ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் இருந்தால் உள்ளே இருந்ததெல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, டப்பாக்களைக் கொட்டிவிடுங்கள்.

ஐந்து நாளும் ஒரே ருசி அலுத்துப் போகுதே?

சாப்பிடும் நேரத்தில் மாற்றுங்கள். எலுமிச்சைச் சாறு, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, மிளகுப் பொடி, கொஞ்சம் ரசம் இவற்றால் மேக்ரோ அசையாது. ஊறுகாய் எண்ணெயும் பொரித்த அப்பளமும் அசைக்கும். இட்லிப் பொடியில் எண்ணெய் குழைத்துப் போட்டால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 கலோரி. அவை வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமையே 50 கிராம் எண்ணெயிலிருந்து அதற்கான அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.